ஸ்லைடில் இருக்கும் வாடிக்கையாளர் கருத்து வரிகளை எப்படிப் பிரித்து எண்ணுவது?

கேள்வி: வணக்கம் அண்ணா. சுங்கை சிப்புட்டில் ஒரு மினி மார்க்கெட்டில் வேலை செய்கிறேன். வெளியாள் ஒருவர் வாடிக்கையாளர் கருத்துக்கணிப்பு எடுத்து, அவர்கள் சொன்னதை 11 ஸ்லைடில் போட்டுக் கொடுத்திருக்கிறார், மொத்தம் 58 வரி. 130 பேர் படிவம் கொடுத்தார்கள், அதில் 87 பேர் கருத்து எழுதினார்கள். மேனேஜர் "இதையெல்லாம் தலைப்புத் தலைப்பா பிரிச்சு, எத்தனை பேர் சொன்னாங்கன்னு போட்டு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி சாம்பிள் வச்சு ஒரே பக்கத்துல கொடு" என்கிறார். எங்கே ஆரம்பிப்பது? ஸ்லைடும், கிடைத்த சில படிவங்களும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

நீங்கள் அனுப்பியதை இரண்டு தடவை உட்கார்ந்து பார்த்தேன். ஈப்போவில் இந்த மாதிரி வரிகளைப் பிரிக்கும் வேலையைப் பல வருடம் செய்தவன் நான், அதனால் பொதுவாகச் சொல்லாமல் உங்கள் 58 வரியையே வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஸ்லைடை மூடிவிட்டு எக்செல்லைத் திறங்கள். ஸ்லைடில் வைத்தே பிரிக்க நினைத்தால், ஏற்கெனவே போட்டிருக்கும் தலைப்பு கண்ணை இழுத்துக்கொண்டே இருக்கும். பவர்பாயிண்டில் அவுட்லைன் பார்வைக்குப் போனால் எல்லா எழுத்தும் ஒரே இடத்தில் கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருக்கலாம். உங்கள் ஸ்லைடுக்கு அது உதவாது. அந்தப் பார்வையில் தலைப்புப் பெட்டியிலும் உள்ளடக்கப் பெட்டியிலும் இருக்கும் எழுத்து மட்டும்தான் வரும், இவரோ எல்லா வரியையும் பேச்சுக் குமிழி படத்துக்குள் போட்டிருக்கிறார். 7-ஆவது ஸ்லைடில் மூன்று வரி படிவத்தைப் போட்டோ எடுத்து ஒட்டியது. அவற்றைக் கையால்தான் தட்டவேண்டும். 58 வரிதானே, ஒரு மணி நேரம் பிடிக்கும், செய்துவிடுங்கள். தட்டும்போதே பாதி வரி மனசில் ஏறிவிடும், பிறகு பிரிக்கும்போது அது ரொம்ப உதவும்.

ஒரு வரிக்கு ஒரு வரிசை. முதல் பத்தியில் ஸ்லைடு எண், இரண்டாவதில் படிவ எண் (குமிழிக்குக் கீழே சாம்பல் நிறத்தில் பொடியாக K17, K32 என்று இருக்கிறதே, அது), மூன்றாவதில் அவர் சொன்ன வரி அப்படியே. அந்தச் சாம்பல் எண்ணைப் பலர் விட்டுவிடுவார்கள். அதை விட்டால் இந்த வேலையே கெட்டுப்போகும், ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் 58-இல் 6 வரி இரண்டு தடவை வந்திருக்கிறது. சேவை என்ற ஸ்லைடில் ஒரு தடவை, கடைசியில் முக்கியக் கருத்துகள் என்ற ஸ்லைடில் இன்னொரு தடவை. அதில் இரண்டு வரியை வெட்டிச் சுருக்கிப் போட்டிருப்பதால் பார்த்தவுடன் ஒரே வரி என்று தெரியாது. அப்படியே திரும்பி வந்ததைக் கண்டுபிடிக்க இந்தச் சூத்திரம் போதும், 1-க்கு மேல் எண் வந்தால் அந்த வரி வேறெங்கோ இருக்கிறது என்று பொருள்:

```
=COUNTIF(C:C, LEFT(C2,40)&"*")
```

முழு வரியையும் கொடுக்காமல் முதல் 40 எழுத்தை மட்டும் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கட்டளை 255 எழுத்துக்கு மேல் போன வரியைச் சரியாக ஒப்பிடாது. தமிழில் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி எழுத்தாகக் கணக்காகும் என்பதால் நான்கைந்து வாக்கியம் வந்தாலே அந்த எல்லை வந்துவிடும். சுருக்கிப் போட்ட இரண்டையும் இது பிடிக்காமல் போகலாம், அவற்றைப் படிவ எண்ணை வரிசைப்படுத்தி கண்ணால்தான் பிடிக்கவேண்டும். கழித்தால் 52 வரி மிஞ்சும்.

இப்போது அந்த 52 வரியைச் சொன்னவர்கள் எத்தனை பேர் என்று படிவ எண்ணை வைத்து எண்ணினேன். 41 பேர்தான். K17 என்ற ஒருவர் மட்டும் 5 வரி, நான்கு ஸ்லைடில் பரவிக் கிடக்கிறார். ஐந்துமே ஒரே விஷயம், கடையில் கடன் புத்தகத்தை நிறுத்திவிட்டது. "முன்னெல்லாம் சம்பளம் போட்டதும் கொடுப்போம், இப்ப கைல காசு இல்லன்னா வெறுங்கையோட போகணும்" என்று ஆரம்பித்து ஐந்து விதமாக எழுதியிருக்கிறார். அவருடைய வருத்தம் உண்மை, குறை சொல்லவில்லை. ஆனால் வரியை எண்ணினால் கடன் புத்தகத்துக்கு 8 வரும், ஆளை எண்ணினால் 4. மேனேஜர் கேட்டது எத்தனை பேர் சொன்னார்கள் என்று. நீங்கள் எழுதவேண்டியது 4.

ஆக, எண்ணுவது ஆளை. இதற்கு இரண்டு ஷீட் வைத்துக்கொள்ளுங்கள். lines என்ற ஷீட்டில் 52 வரி, D பத்தியிலிருந்து ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு பத்தி, பொருந்தினால் 1 போடுங்கள். people என்ற ஷீட்டில் A பத்தியில் 41 படிவ எண்ணும் ஒவ்வொன்று மட்டும். அங்கே B2-இல் இதைப் போட்டு, வலப்பக்கமும் கீழும் இழுத்துவிடுங்கள்:

```
=IF(COUNTIFS(lines!$B:$B,$A2,lines!D:D,1)>0,1,0)
```

ஒருவர் ஒரே விஷயத்தை ஐந்து தடவை சொன்னாலும் இங்கே 1-தான் விழும். அடியில் கூட்டினால் அதுதான் உங்கள் எண்ணிக்கை.

அடுத்தது தலைப்பு. அந்த வெளியாள் போட்டிருக்கும் விலை, சேவை, பொருள், வசதி என்ற நான்கையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்தக் கடைக்கும் பொருந்தும் தலைப்பு அவை, உங்கள் கடையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. விலை ஸ்லைடை மட்டும் பாருங்கள். "ரேக்குல 12.90, கவுண்டர்ல 13.50 போடுறாங்க" என்று ஒருவர். "இதையே டவுன்ல வாங்குனா ரெண்டு வெள்ளி கம்மி" என்று ஒருவர். "கடன் இல்லன்னு சொல்லிட்டாங்க" என்று K17. மூன்றுக்கும் காசு சம்பந்தம் உண்டு என்பதைத் தவிர வேறு ஒட்டே இல்லை. முதலாவதைச் சரிசெய்ய விலைச்சீட்டு ஒட்டும் பையனும் கணினியில் விலை மாற்றுகிறவரும் ஒரே நாளில் வேலையைச் செய்யவேண்டும், இரண்டாவதற்கு மொத்தக் கொள்முதல் விலை பேசவேண்டும், மூன்றாவது நிர்வாகம் எடுத்த முடிவு. நான் பிரிக்கும்போது பார்ப்பது இதைத்தான்: இரண்டு வரியையும் ஒரே ஆள் ஒரே வேலையால் சரிசெய்ய முடியும் என்றால் ஒரே தலைப்பு, இல்லையென்றால் தனித்தனி. தலைப்பையும் ஒற்றைச் சொல்லாக வைக்காமல் ஒரு வாக்கியமாக எழுதுங்கள், "ரேக்கில் ஒட்டிய விலையும் கவுண்டர் விலையும் வேறாக இருக்கிறது" என்று. படித்தவுடன் என்ன குறை என்று தெரியவேண்டும்.

எல்லா வரியையும் ஒரு தடவை முழுதாகப் படித்த பிறகு தலைப்பு வையுங்கள், முதல் பத்து வரியிலேயே முடிவு கட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்தில் எது இதில் சேரும், எது சேராது என்று இரண்டு வரி எழுதிவையுங்கள். சேராது என்ற வரிதான் முக்கியம். இந்த விலைச்சீட்டுத் தலைப்பில் முதலில் எனக்கு 11 பேர் வந்தார்கள். திரும்பப் படித்தபோது அதில் இரண்டு பேர் சொல்வது வேறு. "12.93 வந்துச்சு, 12.95 வாங்கிட்டாங்க, ரெண்டு காசுன்னா காசு இல்லையா" என்கிறார் ஒருவர். அது கடை செய்த தப்பே இல்லை, 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கமாகக் கட்டும் பில்லின் மொத்தத்தை அருகிலுள்ள 5 சென்னுக்கு ஏற்றியோ இறக்கியோ வாங்குவது நாடு முழுக்க நடக்கும் வழக்கம். 12.92 வந்திருந்தால் அவர் 12.90 கட்டியிருப்பார். அந்த இருவரையும் வெளியே எடுத்து, "சேராது: பில் மொத்தத்தை 5 சென்னுக்குச் சரிசெய்வது" என்று எழுதிவைத்தேன். மிச்சம் 9 பேர். இதைச் செய்யாமல் 11 என்று கொண்டுபோயிருந்தால், கணினியில் விலை போடுகிறவர் ஒரே ஒரு ரவுண்டிங் வரியைக் காட்டி "இவங்களுக்கு விவரம் தெரியல" என்று மற்ற 9 பேர் சொன்னதையும் தள்ளிவிட வழி பிறந்திருக்கும்.

மொழி விஷயத்தில் ஒன்று சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் உங்கள் ஸ்லைடில் எனக்கு மனசு கஷ்டப்பட்ட இடம் அது. 4-ஆவது ஸ்லைடில் K29 சொன்னதாக ஆங்கிலத்தில் ஒரு வரி, காலையில் மீன் நன்றாக இருக்கிறது என்ற பொருளில், அதைப் பாராட்டு என்று பச்சைக் குமிழியில் போட்டிருக்கிறார். நீங்கள் அனுப்பிய படிவத்தில் அந்த அம்மா எழுதியது: "காலைல வந்தாத்தான் மீனு நல்லா இருக்கு." அந்த "தான்" போனதோடு அவர் சொல்லவந்ததும் போய்விட்டது. மதியம் வேலை முடிந்து வந்தால் நல்ல மீன் கிடைப்பதில்லை என்கிறார் அவர். செம்பனைக் காட்டில் காலை முழுக்க வேலை செய்கிறவர் எப்படிக் காலையில் கடைக்கு வருவார்? "மத்தியானத்துக்கு மேல் மீனும் காய்கறியும் வாடிப்போகிறது" என்ற தலைப்பில் 9 பேர் இருந்தார்கள், இவரோடு 10. அதேபோல மலாயில் எழுதிய ஒருவர் கவுண்டர் தாமதம் என்ற பொருளில் "கவுண்டர் லம்பாட்" என்று மட்டும் எழுதியிருக்கிறார். வரிசை நீளமா, காசாளர் மெதுவா என்று தெரியாது. தெரியாததை நாமாக ஊகித்து ஒரு தலைப்பில் தள்ளக்கூடாது. அதனால் அவருடைய மற்ற பதிலைப் பார்த்தேன், "ஒரு ஆள்தான் உட்காருது" என்ற பொருளில் இன்னொரு வரி இருந்தது, வரிசை நீளம் என்ற தலைப்பில் சேர்த்தேன். அது இல்லாவிட்டால் "மற்றவை"யில் விட்டிருப்பேன். மூல மொழி எது என்று ஒரு பத்தி போட்டு, மொழிபெயர்ப்பாக மட்டும் கிடைத்த வரிகளுக்கு மூலப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரே வரியில் இரண்டு விஷயம் இருந்தால் இரண்டு தலைப்பிலும் 1 போடலாம், தப்பில்லை. "அக்கா நல்லா பேசுவாங்க, என்ன, ரேக்குல ஒரு விலை பில்லுல ஒரு விலை" என்ற வரி பணியாளர் பாராட்டிலும் வரும், விலைச்சீட்டிலும் வரும். இதனால் எல்லாத் தலைப்பையும் கூட்டினால் 41-ஐத் தாண்டும். எனக்கு வந்தது இப்படி: சம்பள வாரத்தில் வரிசை நீளம் 13 பேர், மதியத்துக்கு மேல் மீன் காய்கறி வாடுவது 10, விலைச்சீட்டு ஒன்று கவுண்டரில் ஒன்று 9, பணியாளர் அன்பாகப் பேசுகிறார்கள் 8, டவுனைவிட விலை கூட 6, கடன் புத்தகம் 4, மற்றவை 5. கூட்டினால் 55. மேனேஜர் கேட்டால் பதில் சொல்லத் தயாராக இருங்கள், ஒருவர் இரண்டு விஷயம் சொல்லியிருக்கலாம் என்பதுதான் காரணம். சதவீதம் போடாதீர்கள். 41 பேரில் 13 என்று எழுதினால் யாருக்கும் புரியும், 32 சதவீதம் என்று எழுதினால் ஊரில் மூன்றில் ஒருவர் வரிசையைப் பற்றிப் புலம்புகிறார் என்று படிப்பார்கள், அப்படிச் சொல்ல உங்களிடம் ஆதாரம் இல்லை.

ஏன் இல்லை? நீங்கள் எழுதியபடி 130 பேர் படிவம் கொடுத்தார்கள், அதில் 87 பேர் கருத்துப் பெட்டியில் ஏதோ எழுதினார்கள். ஸ்லைடில் இருப்பது 41 பேர். மற்ற 46 பேர் எழுதியதை அந்த வெளியாள் தன் விருப்பத்துக்கு விட்டுவிட்டார். ஸ்லைடு போடுகிறவர் எப்போதும் சூடான வரியைத்தான் எடுப்பார், "பரவால்ல, நல்லாருக்கு" என்று எழுதியவரை யார் குமிழியில் போடுவார்கள்? அதனால் ஸ்லைடில் எண்ணிய எண், அவர் தேர்ந்தெடுத்ததில் எத்தனை என்று மட்டுமே சொல்லும்.

வரிசை 13 என்பதிலும் ஒரு சங்கதி. படிவங்களில் தேதி பார்த்தேன், எல்லாம் 5-ஆம் தேதியிலிருந்து 8-ஆம் தேதிக்குள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் போட்டாக வேண்டும், சுற்றியுள்ள தோட்டத்துச் சனம் முழுக்க அந்த நான்கு நாளில்தான் அரிசி, எண்ணெய், பால் மாவு எல்லாம் வாங்க வரும். அன்றைக்குக் கடை வாசலில் நின்று கேட்டால் வரிசையைப் பற்றித்தான் சொல்வார்கள். 20-ஆம் தேதி கேட்டிருந்தால் அந்த எண் இறங்கி, கடன் புத்தகம் ஏறியிருக்கும் என்பது என் கணிப்பு, கையில் காசு குறையும் நேரம் அதுதானே. தலைப்பிலேயே சம்பள வாரத்தில் என்று நான் சேர்த்ததும் இதனால்தான்.

சாம்பிள் வரி எடுப்பதில் பலர் சறுக்குவது, மனசைத் தைக்கும் வரியைத் தேர்ந்தெடுப்பது. வரிசைத் தலைப்பில் "பிள்ளைய தூக்கிட்டு முக்கா மணி நேரம் நின்னேன், அழுது அழுது தொண்டை கட்டிடுச்சு" என்று ஒரு தாய் எழுதியிருக்கிறார். படித்தால் யாருக்கும் சங்கடமாக இருக்கும். ஆனால் அந்த 13 பேரில் 7 பேர் சொன்னது வேறு: "ரெண்டு கவுண்டர் இருக்கு, ஒண்ணுதான் திறக்குறாங்க." இதுதான் அந்தக் கூட்டத்தின் குரல், இதைத்தான் போடவேண்டும். இடம் இருந்தால் தாயின் வரியை இரண்டாவதாக வையுங்கள், அதன் விளைவு எவ்வளவு என்று காட்டும். நான் எடுக்கும் முறை இது, அந்தத் தலைப்பு வரிகளை எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் படித்து, எந்த ஒரு வரியைச் சொன்னால் மற்றவர்கள் "ஆமா, நானும் அதைத்தான் சொன்னேன்" என்பார்களோ அதை எடுப்பேன். எழுத்துப்பிழையைத் திருத்தவேண்டாம், பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக்கவேண்டாம். நீளமாக இருந்தால் நடுவில் வெட்டி மூன்று புள்ளி வையுங்கள், ஆனால் "ஆனா" என்ற சொல்லுக்குப் பின்னால் வருவதை மட்டும் வெட்டிவிடாதீர்கள். முன்பாதி பாராட்டு பின்பாதி குறை என்ற வரி, வெட்டினால் முழுப் பாராட்டாக மாறிவிடும்.

அப்புறம், பெயர் போடவில்லை என்பதால் ஆள் தெரியாது என்று நினைக்காதீர்கள். ஸ்லைடில் ஒரு வரிக்குக் கீழே "பெண், 46, இரண்டாம் டிவிஷன், கோயில் பக்கத்து லயம்" என்று இருக்கிறது. கோலாலம்பூரில் உட்கார்ந்து படிப்பவருக்கு அது யாரோ. உங்கள் கடையில் காசாளராக இருக்கும் அக்காவுக்கு அது பக்கத்து வீட்டுக்காரி. K17-இன் வரியில் ஒரு பணியாளரின் பெயரே இருக்கிறது. வயது, டிவிஷன், லயம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு தோட்டத்து வாடிக்கையாளர், தாமான் வாடிக்கையாளர் என்ற அளவில் நிறுத்துங்கள், பெயர் வந்த இடத்தில் சதுர அடைப்புக்குள் [பணியாளர்] என்று போடுங்கள். நாளைக்கு அந்த அம்மா கடைக்கு வரும்போது யாரும் முகத்தைத் திருப்பக்கூடாது, அவர் நம்பி எழுதிக்கொடுத்தது அது.

மேனேஜரிடம் கொடுக்கும் முன் 15 வரியை எடுத்து, நீங்கள் போட்ட 1-களை மறைத்துவிட்டு, தலைப்பும் சேரும் சேராது குறிப்பும் மட்டும் கொடுத்து இன்னொருவரைப் பிரிக்கச் சொல்லுங்கள். கவுண்டரில் உட்காருகிறவரிடம் கொடுக்காதீர்கள், வரிசையைப் பற்றிய வரியை அவரால் சும்மா படிக்க முடியாது. நான் என் பழைய கூட்டாளி ஒருவரிடம் கொடுத்துப் பார்த்தேன், 4 வரியில் வேறாகப் போட்டார். அதில் மூன்று "டவுனைவிட விலை கூட" என்பதும் விலைச்சீட்டும் குழம்பியதால் வந்தது. குறிப்பில் "வேறு கடையோடு ஒப்பிட்டால் மட்டும்" என்று ஒரு வரி சேர்த்ததும் சரியானது. ஒத்துப்போவதை அளக்க கப்பா என்று ஒரு கணக்கு இருக்கிறது, ஜேக்கப் கோஹன் 1960-இல் கொடுத்தது. 52 வரிக்கு அது தேவையில்லை, எந்த வரியில் ஏன் வேறாகப் போட்டோம் என்று பேசினாலே போதும்.

மேனேஜருக்குக் கொடுக்கும் அந்த ஒரு பக்கத்தில் எண்ணிக்கை அதிகமானதை மேலே வைத்து இறங்குவரிசையில் போடுங்கள், பாராட்டுத் தலைப்பைத் தனியாகக் கீழே. ஒவ்வொன்றுக்கும் வாக்கியத் தலைப்பு, "41 பேரில் இத்தனை பேர்", ஒரு வரி சாம்பிள். விலைச்சீட்டு மூன்றாவது இடத்தில் வரும், ஆனால் அதன் பக்கத்தில் மட்டும் ஒரு குறிப்பு எழுதுங்கள். ரேக்கில் காட்டிய விலைக்கு மேல் கவுண்டரில் வாங்குவது உள்நாட்டு வாணிப அமைச்சின் அதிகாரிகள் வந்து கேட்கக்கூடிய விஷயம், 9 பேருக்குப் பதில் 2 பேர் சொல்லியிருந்தாலும் அதை முதலில் பார்க்கவேண்டும். அடியில் இந்தக் குறிப்பு கட்டாயம் இருக்கட்டும்: "ஸ்லைடுகளில் இடம்பெற்ற 41 பேரின் 52 கருத்துகளிலிருந்து எண்ணியது. ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட தலைப்பில் இருக்கலாம். கருத்து எழுதிய மற்ற 46 பேர் இதில் இல்லை. படிவங்கள் சம்பள வாரத்தில் பெறப்பட்டவை."

அந்த 46 படிவமும் அந்த வெளியாளிடம்தான் இருக்கும், கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் தலைப்பையும் குறிப்பையும் மாற்றாமல் அப்படியே வைத்து அவற்றையும் பிரித்து, 87 பேரில் என்று எண்ணுங்கள், எதிலும் சேராத வரி நிறைய வந்தால் மட்டும் புதுத் தலைப்பு. "மற்றவை"யில் மோட்டார் நிறுத்த இடமில்லை என்று இரண்டு பேர் இருக்கிறார்கள், கவனித்தீர்களா? அந்த 46-இல் இன்னும் நான்கைந்து பேர் அதையே சொல்லியிருந்தால் அது தனித் தலைப்பாக எழுந்துவிடும்.